014-ம் 022-ம் ஒரே நாயா, இரண்டா? படங்களை வைத்து உணவுப் பதிவேட்டில் உயரம், நிறம், மறை எழுதுவது

கடுட்_மரக்கிடங்கு

சிங்கப்பூர் சுங்கை காடுட் மரக்கிடங்குச் சந்தில் ஆறு பேர் மாறி மாறி உணவு வைக்கிறோம். பதிவேட்டில் எட்டு நாய்கள் இருக்கின்றன. ஒரே மாலையில் எட்டையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை. 014-ம் 022-ம் ஒன்றுதானோ என்று சந்தேகம்.

014: பழுப்பு, நடுத்தரம், கருமூஞ்சி, ஆண்.
022: செவலை, பெரியது, கருமூஞ்சி, பால் எழுதவில்லை.

கையில் ஐந்து படங்கள். ஒன்று, 014-இன் இடது பக்கம். பகலில் நடைபாதை விளிம்புக் கல்லை ஒட்டி நிற்கிறது. இரண்டு, 014 முன்பக்கம். மாலை நேரம், தட்டில் தலை குனிந்திருக்கிறது. மூன்று, 022-இன் வலது பக்கம். மழை விட்ட உடனே, மரத்தட்டு அடுக்கின் முன்னால் நடந்து போகிறது. நான்கு, 022 பின்பக்கம், வால் தூக்கியபடி. ஐந்தாவது, காவலாளி அண்ணன் நாயோடு தானே எடுத்துக்கொண்ட படம். இதில் இருப்பது எது என்று அவருக்கே உறுதியில்லை.

என் கணக்கு இது. ஐந்தாவது படத்தில் வலது காது நுனி வெட்டியிருக்கிறது. மூன்றாவது படத்தில் 022-இன் வலது காது முழுசாக இருக்கிறது. உயரமும் நிறமும் வேறு. எனவே இரண்டு நாய்கள். சரியா?

ராமநாதபுரம்_லாரி

ரெண்டுதான் தம்பி, சந்தேகமே வேண்டாம். மூணாவது படத்துல உள்ளது நல்லா உயரமா நிக்குது. காது நுனியில இருந்து கால் வரைக்கும் அளந்து பாருங்க, முதல் படத்தைவிட எப்படியும் ஒரு சாண் கூட வரும். நாலாவது படத்துல பின்னாடி விதை தெரியல, அதனால அது பொட்டை. எங்க ஊர்ல செவலைனா செவலை, பழுப்புனு யாரும் சொல்ல மாட்டாங்க. அந்த ஒரு சொல்லை மட்டும் மாத்துங்க.

தோபாயோ_அக்கா

வீட்டுக்கு எடுத்துக் கொடுக்கத்தான் அளவு பார்க்கிறீர்களா? வீவக அடுக்குமாடி வீட்டுக்கு என்றால் 15 கிலோவைத் தாண்டக் கூடாது. 022 பெரியது என்று எழுதிவிட்டால் அதை யாரும் வாங்க மாட்டார்கள். கொஞ்சம் யோசித்து எழுதுங்கள்.

கடுட்_மரக்கிடங்கு

இல்லை அக்கா, இப்போதைக்குத் தத்து இல்லை. எந்த நாய்க்குக் கருத்தடை ஆனது, எதற்கு ஆகவில்லை என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் பதிவேடு.

கால்நடை_உதவி

அக்கா சொன்ன 15 கிலோ பழைய விதி. 2020-இல் எடை வரம்பை எடுத்துவிட்டு, தெருநாய்களை வீவக வீடுகளுக்குத் தத்து கொடுக்கும் அடோர் திட்டத்தில் உயர வரம்பை 50-லிருந்து 55 சென்டிமீட்டராக மாற்றினார்கள். அங்கே உயரம் என்றால் தோள்பட்டை வரை. இங்கே கேட்டது அது அல்ல என்றாலும், உயரத்தை எங்கே அளப்பது என்பது நமக்கும் முக்கியம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

லாரி அண்ணே, காது நுனியிலிருந்து அளந்தால் நாய் தலையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சாண் வளரும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் தோள் எலும்புகள் மேடாகத் தெரியும். அந்த மேட்டிலிருந்து அதே பக்கத்து முன்னங்கால் தரையைத் தொடும் இடம் வரை அளப்பதுதான் உயரம். நாய் நான்கு காலையும் ஊன்றி, பக்கவாட்டில் நிற்கும் படமாக இருக்க வேண்டும். நடக்கும்போது ஒரு முன்னங்கால் எட்டிப் போயிருக்கும், உடம்பும் இறங்கியிருக்கும்.

அளக்கச் செயலி எதுவும் தேவையில்லை. படத்தைத் திரையில் பெரிதாக்குங்கள். ஒரு காகிதத் துண்டின் ஓரத்தில் விளிம்புக் கல்லின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டை நாயின் காலருகில் வைத்து, தோள்மேடு வரை எத்தனை கல் உயரம் என்று எண்ணுங்கள். கல்லின் உண்மை உயரத்தை நேரில் போய் நாடா வைத்து அளக்க வேண்டும், ஊகிக்கக் கூடாது. கடுட், உங்கள் கல் எவ்வளவு?

கடுட்_மரக்கிடங்கு

இன்று மாலை அளந்தேன், 15 சென்டிமீட்டர். முதல் படத்தில் 014 மூன்று கல்லும் அதற்குமேல் மூன்றில் ஒரு பங்கும் வருகிறது. ஆக 50. மூன்றாவது படத்தில் பின்னால் உள்ள ஒற்றை மரத்தட்டின் கனம் 14 சென்டிமீட்டர். அதை வைத்து எண்ணினால் 022 ஏறக்குறைய நாலரைத் தட்டு, அதாவது 62, 63. வித்தியாசம் 12 சென்டிமீட்டருக்கு மேல். லாரி அண்ணன் சொன்னது போலத்தானே வருகிறது?

கால்நடை_உதவி

முதல் படத்தில் நாயின் கால் கல்லை ஒட்டி நிற்கிறது. அதனால் 50 என்பதை ஏறக்குறைய ஏற்கலாம். மூன்றாவது படத்தில் மரத்தட்டு அடுக்கு நாய்க்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது? படம் எடுத்தவர் நாயிலிருந்து எத்தனை தூரத்தில் நின்றார்?

கடுட்_மரக்கிடங்கு

எடுத்தவரிடம் கேட்டேன். அவர் நின்ற வாசற்படியிலிருந்து நாய் நடந்த கோடு 4 மீட்டர். அடுக்கு அந்தக் கோட்டுக்கு இன்னும் 1 மீட்டர் பின்னால்.

முகில்_படப்பெட்டி

அப்படியானால் அந்த 62 செல்லாது. தூரம் கூடக் கூடப் பொருள் அதே விகிதத்தில் சிறுக்கும். 5 மீட்டரில் இருக்கும் தட்டை வைத்து 4 மீட்டரில் இருக்கும் நாயை அளந்திருக்கிறீர்கள். தட்டு சிறுத்துப் போனதால் நாய் 5-க்கு 4 என்ற கணக்கில் பெருத்துவிட்டது. 62.5-ஐ 5-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கினால் 50 வரும். இரண்டும் ஒரே உயரம்.

அளவுகோலாக எடுக்கும் பொருள் நாய்க்கு முன்னால் இருந்தால் தவறு எதிர்ப்பக்கம் போகும், நாய் குட்டையாகிவிடும். நாயின் காலும் அந்தப் பொருளும் தரையில் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோட்டில் இல்லாவிட்டால் அந்தப் படத்தில் உயரம் எழுதாதீர்கள்.

எடுக்கிறவர் நின்றபடி கீழே பார்த்து எடுத்தாலும் கெட்டுப்போகும், தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வரும். நாயின் தோள் உயரத்துக்குக் குந்தி, 4, 5 மீட்டர் தள்ளி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கிட்டே போனால் நாயும் முகம் கொடுத்துத் திரும்பிவிடும், பக்கவாட்டுப் படம் கிடைக்காது.

ராமநாதபுரம்_லாரி

சரி, உயரம் போகட்டும். காது? வலது காது ஒண்ணுல வெட்டு இருக்கு, ஒண்ணுல இல்ல. அது எப்படி ஒரே நாயாகும்?

முகில்_படப்பெட்டி

ஐந்தாவது படத்தில் காவலாளி அண்ணனின் தோளுக்குப் பின்னால் ஒரு லாரி நிற்கிறது. அதன் எண் பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போலத் தலைமாறி இருக்கின்றன. முன்பக்கக் கேமராவில் எடுத்து, கண்ணாடிப் பிம்பமாகவே சேமித்த படம் அது. இடம் வலமாகிவிட்டது. படத்தைத் திருப்பிப் போட்டால் வெட்டு இருப்பது இடது காதில்.

கால்நடை_உதவி

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தம்பியின் கணக்கில் இருந்த மிக வலுவான ஆதாரம் இதனால் விழுந்துவிடுகிறது. ஐந்தாவது படத்தில் உள்ள நாய்க்கு இடது காது வெட்டு. மூன்றாவது படம் 022-இன் வலது பக்கம், அதில் வலது காதுதான் தெரிகிறது. இடது காது தலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. முதல் படம் இடது பக்கம்தான், ஆனால் அந்த நேரம் நாய் காதைப் பின்னுக்கு மடித்திருக்கிறது. ஆக 014-க்கும் 022-க்கும் இடது காது எப்படி என்று இந்த நான்கு படங்களும் சொல்லவில்லை.

நெஞ்சைப் பாருங்கள். இரண்டாவது படத்தில் 014-இன் நெஞ்சில் வெள்ளைக் கோடு ஒன்று இறங்கி, கீழ்முனையில் நம் வலப்பக்கம் வளைகிறது. நாய் நம்மைப் பார்த்து நிற்பதால் அது நாயின் இடப்பக்கம். ஐந்தாவது படத்தைத் திருப்பிப் போட்டால் அதே கோடு அதே பக்கம்தான் வளைகிறது. எனவே காவலாளி அண்ணனோடு இருப்பது 014. அதற்கு இடது காது வெட்டு என்று எழுதிவிடலாம்.

பதிவேட்டில் இடது, வலது எல்லாம் நாயின் இடது, வலதுதான். நம் கண்ணுக்கு எந்தப் பக்கம் என்று எழுதினால் ஆறு பேரில் ஒருவராவது மாற்றி எழுதிவிடுவார்.

லாரி அண்ணன் விதை தெரியவில்லை, அதனால் பொட்டை என்றார். பாதிதான் சரி. அறுவை முடிந்த ஆணுக்கும் பின்னால் ஒன்றும் இருக்காது. பொட்டை என்று எழுத வேண்டுமானால் வாலுக்குக் கீழே, ஆசனவாய்க்கும் கீழே பெண்ணுறுப்பு தெரிய வேண்டும். நாலாவது படத்தில் அந்த இடம் முழுக்க நிழல். ஆண் என்பதைப் பக்கவாட்டுப் படத்திலேயே சொல்லிவிடலாம். பின்னங்காலுக்கு முன்னால் வயிற்றுக் கோட்டில் குறியுறையின் மேடு தெரியும். முதல் படத்தில் அது தெரிகிறது, 014 ஆண். மூன்றாவது படத்தில் பின்னங்கால் முன்னுக்கு வந்து அந்த இடத்தை மறைத்துவிட்டது.

கடுட்_மரக்கிடங்கு

அப்படியானால் உயரம் ஒன்றே, காது தெரியவில்லை, பால் தெரியவில்லை. நிறம் ஒன்றுதான் மிச்சம்.

கால்நடை_உதவி

நிறத்தைக் கடைசியாக வையுங்கள். மூன்றாவது படம் மழை விட்ட உடனே எடுத்தது. நனைந்த மயிர் இரண்டு படி கருத்துத் தெரியும். சந்தன நிறம் பழுப்பாகும், பழுப்பு செவலையாகும். மாலையில் விளக்கடியில் எடுத்தால் அந்த விளக்கின் சாயல் ஏறும். போதாததற்கு, கைப்பேசி தன் போக்கில் நிறத்தைத் திருத்தி வைக்கும்.

காய்ந்த நாயை, வெயில் நேரே விழாத நிழலில், பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில்தான் நிறம் எழுத வேண்டும். உணவு வைக்கும் வெள்ளைத் தட்டு அந்தப் படத்தில் இருந்தால் நல்லது. தட்டு மஞ்சளாகத் தெரிந்தால் நாயும் மஞ்சளாகியிருக்கும் என்று புரிந்துவிடும். ஒரே சொல்லில் நிறத்தை முடிக்காமல் முதுகு, விலா, கால், மூஞ்சி என்று தனித்தனியாக எழுதுங்கள். இந்த வகை நாய்களில் நிறைய பேருக்கு முதுகு மயிரின் நுனி மட்டும் கருப்பாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் முழு முதுகும் கருத்த மாதிரிதான் தெரியும். 'முதுகில் கருமுனை மயிர்' என்று எழுதினால் அடுத்தவருக்கும் விளங்கும்.

நிறத்தைவிட நம்பத் தகுந்தது மறைகள்தான். நெஞ்சு வெள்ளையின் வடிவம், எந்தக் காலில் எத்தனை விரல் வெள்ளை, வால் நுனி, காதுக் கிழிசல், வால் எலும்பில் உள்ள முறுக்கு. நெஞ்சுக் கோடு மழையில் நனைந்தாலும் அதன் வடிவம் மாறாது.

துவாஸ்_இரவுப்பணி

எங்கள் பக்கம் ஐந்து நாய்களும் முழுக் கருப்பு. மறையும் கிடையாது, கோடும் கிடையாது. இதையெல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, கருப்புக்கு என்ன செய்வது?

முகில்_படப்பெட்டி

முழுக் கருப்பாக இருப்பதைவிட, படத்தில் முழுக் கருப்பாகத் தெரிவதுதான் அதிகம். திரையில் நாயின் உடம்பைத் தொட்டு, வெளிச்சத்தை மேலே இழுத்து எடுங்கள். பின்னணி வெளுத்துப் போனாலும் பரவாயில்லை. காலை ஏழரை மணி வாக்கில் பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கும், அப்போது எடுத்தால் நெஞ்சில் இருக்கும் நாலைந்து வெள்ளை மயிர்கூடத் தெரியும். இரவில் பிளாஷ் போட்டால் மயிர் பளபளத்து, இல்லாத வெள்ளை எல்லாம் தெரியும். அதை மறை என்று எழுதிவிட வேண்டாம்.

கால்நடை_உதவி

காதுகளின் வடிவம், வால் சுருளும் பக்கம், விரல்களுக்கு இடையே வெள்ளை, பழைய தழும்பு, இவற்றையும் பாருங்கள். கருப்பு மயிர் வெயிலில் வெளுத்துச் செம்பட்டை ஆகும், எனவே செம்பட்டையை அடையாளமாக வைக்காதீர்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் இரண்டு நாய்கள் பிரியாவிட்டால், 'பிரிக்க முடியவில்லை' என்று எழுதி ஒரே எண்ணின் கீழ் வையுங்கள், எண்ணிக்கையில் மட்டும் இரண்டு என்று போடுங்கள். இல்லாத வேற்றுமையை உண்டாக்குவதைவிட அது மேல்.

ராமநாதபுரம்_லாரி

குட்டிக்கும் இதே முறைதானா? சந்து முனையில நாலு குட்டி இருக்கு, எல்லாத்துக்கும் மூஞ்சி கருப்பு.

கால்நடை_உதவி

குட்டியின் நிறத்தைப் பென்சிலால் எழுதுவது மாதிரி எழுதுங்கள், மாறும். சில குட்டிகளுக்கு மூஞ்சிக் கருப்பு வளர வளரக் குறையும். வெள்ளைக் காலில் புள்ளிகள் பிறகுதான் தோன்றும். மடிந்த காது நிமிரும். நெஞ்சு, விரல் வெள்ளையைக் குறித்துக்கொண்டு, ஆறு மாதத்தில் முழுப் பதிவையும் புதிதாக எழுதுங்கள்.

கடுட், உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்போதைக்கு 'ஒரே நாய்' என்றும் சொல்ல முடியாது, 'இரண்டு' என்றும் சொல்ல முடியாது. பதிவேட்டில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது ஒன்று உண்டு. வெள்ளை விரல் என்ற கட்டத்தில் 022-க்கு 'இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் படத்தில் பார்த்து எழுதினீர்கள்?

கடுட்_மரக்கிடங்கு

மூன்றாவது படத்தில். நான்கு காலிலும் வெள்ளை தெரியவில்லை.

கால்நடை_உதவி

நான்கு காலிலும் சேறு இருக்கிறது. அங்கே எழுத வேண்டியது 'தெரியவில்லை'. பார்த்து, இல்லை என்று உறுதியானால் 'இல்லை'. பார்க்க முடியாவிட்டால் 'தெரியவில்லை'. இரண்டும் ஒன்றல்ல. 'இல்லை' என்று எழுதிய இடத்தை அடுத்தவர் மறுபடி பார்க்க மாட்டார். வெள்ளை விரலோடு அதே நாய் நாளை வந்தால் புதுநாய் என்று 023 போட்டுவிடுவார். உங்கள் எட்டில் எத்தனை அப்படி வந்ததோ.

வால் நுனியும் அப்படித்தான். நாலாவது படத்தில் 022-க்கு வால் நுனியில் இரண்டு விரற்கடை வெள்ளை. முதல் படத்தில் 014-இன் வால் முதுகின் மேல் சுருண்டு மறுபக்கம் விழுந்திருக்கிறது, நுனி தெரியவில்லை. வெள்ளை இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல.

உங்களுக்கு இன்னும் இரண்டு படம் போதும். 022-இன் நெஞ்சும் இடது காதும் சேர்ந்து தெரியும் முன்பக்கப் படம் ஒன்று. 014-இன் வால் நுனி தெரியும்படி வலதுபுறத்திலிருந்து ஒன்று. பின்பக்கக் கேமராவில் எடுங்கள். வாட்சப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், எடுத்த நேரமும் போய்விடும். தட்டை வைத்துவிட்டு 4 மீட்டர் தள்ளி உட்காருங்கள். நாய் தட்டுக்கு வரும்போது, தலை குனியும் முன் ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கும். நெஞ்சுப் படம் அந்தக் கணத்தில் கிடைக்கும்.

கடுட்_மரக்கிடங்கு

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டு படமும் கிடைத்தன.

022-இன் நெஞ்சில் கோடு இல்லை, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும், நகம் அளவு. இடது காது முழுசாக இருக்கிறது. 014-இன் வால் நுனி கருப்பு. நேரில் நின்று பார்த்ததில் 022 பொட்டை, அதில் ஐயமில்லை. உயரம் இரண்டுக்கும் 50 வாக்கில்தான். காய்ந்திருக்கும்போது பார்த்தால் நிறமும் ஏறக்குறைய ஒன்றே. ஆக இரண்டு நாய்கள்தான், ஆனால் நான் சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை.

புதுப் பதிவை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

எண்: 022
பால்: பெண் (நேரில் பார்த்தது)
தோள் உயரம்: 45–55 செ.மீ.
முதுகு: பழுப்பு, கருமுனை மயிர். விலா, கால்: வெளிர் பழுப்பு. மூஞ்சி: கண் வரை கருப்பு
நெஞ்சு: நடுவில் வெள்ளைப் பொட்டு, கோடு இல்லை
வெள்ளை விரல்: முன்னிடது இல்லை, முன்வலது இல்லை, பின்னங்கால்கள் தெரியவில்லை
வால்: நுனி வெள்ளை
காது: இரண்டும் நிமிர்ந்தவை, வெட்டு இல்லை
படங்கள்: வலம் (நனைந்தது), பின், முன். இடம்: இன்னும் இல்லை

கால்நடை_உதவி

நன்றாக இருக்கிறது. உயரத்துக்கு 50 என்று ஒற்றை எண் போடாமல் 45–55 என்று எழுதியது சரி. படத்திலிருந்து எடுக்கும் அளவுக்கு அதற்குமேல் நுணுக்கம் கிடையாது. வீவக வீட்டுக்கான 55 எல்லைக்குப் பக்கத்தில் வரும் நாய் என்றால் நாடா வைத்து அளக்காமல் எதுவும் சொல்ல முடியாது.

கருத்தடைக்கு அடையாளமாகக் காது நுனியை வெட்டுவது உண்டு, ஆனால் காது வெட்டு இல்லை என்பதால் கருத்தடை ஆகவில்லை என்று எழுதிவிடாதீர்கள். 2018-இல் தொடங்கிய பிடித்து, கருத்தடை செய்து, விடும் திட்டத்தில் நாய்களுக்குத் தோலடியில் சில்லு போடுகிறார்கள். படிப்பானை வைத்துப் பார்த்த பிறகு எழுதுங்கள். அதுவரை 'தெரியவில்லை'. ஆனால் பிடிக்க வேண்டியவற்றில் இதை முதலில் வையுங்கள், பொட்டை என்பதால்.

கடுட்_மரக்கிடங்கு

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. பழைய பதிவுகளில் 014 என்று போட்டு வந்த படங்களில் மூன்று வலது பக்கம் மட்டும் காட்டுகின்றன. நெஞ்சு இல்லை, வால் நுனி இல்லை. ஒன்றில் நாய் நொண்டுகிறது. அது எந்த நாய்?

முகில்_படப்பெட்டி

014-இன் வலது பக்கப் படம்தான் இப்போது கிடைத்துவிட்டதே. இரண்டின் வலது பக்கத்தையும் அருகருகே வைத்து மூஞ்சிக் கருப்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள். ஒன்றில் கண்ணைத் தாண்டுகிறதா?

கடுட்_மரக்கிடங்கு

வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் கண்ணோடு நிற்கிறது. பழைய படங்களில் மங்கல், சுருக்கி அனுப்பியவை.

கால்நடை_உதவி

அப்படியானால் அந்த மூன்றையும் 014-இலிருந்து எடுத்து, '014 அல்லது 022' என்று தனியாக வையுங்கள். நொண்டியது எது என்று இரண்டையும் நடக்கவிட்டுப் பார்க்கலாம், இப்போது ஆறியிருந்தால் அதுவும் தெரியாது.

ராமநாதபுரம்_லாரி

ஞாயித்துக்கிழமை நான் அந்தப் பக்கம் சரக்கு இறக்க வர்றேன். பின்னங்காலையும் இடது பக்கத்தையும் எடுத்துத் தர்றேன், டாக்குமென்டாவே அனுப்புறேன். ஆனா அது செவலைதான் தம்பி. பழுப்புனு எழுதினா எங்க ஆளுங்க வேற நாயைத் தேடுவாங்க.

கடுட்_மரக்கிடங்கு

ஆறு பேரில் மூவர் செவலை என்கிறார்கள், இருவர் பழுப்பு, ஒருவர் சந்தனம். காய்ந்த நாயின் முதுகுப் படத்தையே பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி, கீழே மூன்று சொல்லையும் எழுதலாமா என்று யோசிக்கிறேன். ஞாயிறு வாருங்கள் அண்ணே, நாலரைக்கு மேல் தட்டு வைப்போம்.